டே ஃபார் நைட்: பகலில் எடுத்த காட்சியை இரவாக்க ஒரு முழு வழிகாட்டி

குறும்படம் எடுப்பவர்களுக்கு இரவுக் காட்சி என்றாலே செலவுதான். ஜெனரேட்டர், லைட், லைட்மேன் பேட்டா, ராத்திரிச் சாப்பாடு என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் சாயங்காலமே எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் இரவாக்கிக்கொள்ளலாம் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். சினிமாக்காரர்கள் இதை டே ஃபார் நைட் என்பார்கள். முடிவில் தப்பில்லை. ஆனால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் செய்கிற வேலை பெரும்பாலும் இரண்டுதான்: வெளிச்சத்தைக் குறைப்பது, நீலத்தை ஏற்றுவது. அதில் இரவு வருவதில்லை. கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்த பகல்தான் வருகிறது.

ஏன் அப்படி? வெயில் எங்கும் ஒரே அளவில் விழுகிறது. கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் தெருக்கோடியில் இருக்கும் வேப்பமரத்துக்கும் ஒரே வெளிச்சம்தான். இரவில் அப்படியில்லை. ஒரு பல்பை விட்டு விலக விலக வெளிச்சம் வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. வாசலில் பளிச்சென்று இருக்கும், நாலு வீடு தள்ளினால் கும்மிருட்டு. முழுப் படத்தையும் ஒரே அளவில் இருட்டாக்கினால், பகலின் அந்தச் சமமான வெளிச்சம் அப்படியே தங்கிவிடுகிறது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும். ஆகவே நம் வேலையில் இருட்டாக்குவது பாதிதான். அந்தச் சமநிலையைக் கலைத்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தீர்மானிப்பது மீதிப் பாதி.

இங்கே ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு முழுக்கச் செய்து பார்ப்போம். சாஃப்ட்வேர் DaVinci Resolve; அதன் இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

நம் காட்சி

ஓர் ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, கதவுக்கு மேலே ஒரு பல்பு, வலப்பக்கம் கம்பி போட்ட ஜன்னல். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து வருகிறார், ஸ்டாண்டு போடுகிறார், திண்ணையில் ஏறி உள்ளே போகிறார். கேமரா ட்ரைபாடில் அசையாமல் நிற்கிறது. எடுத்த நேரம் மாலை நாலரை மணி வாக்கில். சூரியன் வீட்டுக்குப் பின்னால், இடப்பக்கமாக இருக்கிறது. ஃப்ரேமின் மேல் பகுதியில் கொஞ்சம் வானம், அதை மறைத்தபடி ஒரு மரக்கிளை.

இந்தக் காட்சி இரவாவதற்கு ஏற்றது என்று சொல்லக் காரணம் சூரியனின் இடம். சூரியன் பின்னால் இருப்பதால் வீட்டின் முன்பக்கம் முழுக்க நிழலில் இருக்கிறது. ஆளின் முகமும் நிழலில். தோளிலும் தலைமுடியிலும் மட்டும் ஒரு வெளிச்சக் கோடு. அந்தக் கோடு பின்னால் நிலா வெளிச்சமாகிவிடும். முன்பக்கச் சுவரில் வெயிலும் இலை நிழலும் இல்லாததால், அங்கே பல்பு வெளிச்சத்தை நாம் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். இது முக்கியம்: பிறகு செயற்கையாக விளக்கு வெளிச்சம் போடப்போகும் இடம், பகலில் நிழலாக இருந்திருக்க வேண்டும். வெயில் நேராக அடித்த சுவரில் எவ்வளவு அழகாக மஞ்சள் பூசினாலும், அதன்மேல் கிடக்கும் கூர்மையான நிழல்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருந்து முகத்தில் நேராக அடித்த காட்சி, உச்சி வெயிலில் காலடியில் குட்டை நிழல் விழும் காட்சி, ஃப்ரேமில் பாதி வானமாக இருக்கும் காட்சி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போராட வேண்டாம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முழு இரவு கிடைக்காது.

எடுக்கும்போதே கவனிக்க முடிந்தால் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, இரவுதானே என்று கேமராவிலேயே இருட்டாக எடுத்துவிடாதீர்கள். 2015-இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்தின் இரவுக் காட்சிகளை நமீபியா பாலைவனத்தில் பட்டப்பகலில், வேண்டுமென்றே இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, கூடுதல் வெளிச்சத்தில் எடுத்தார்கள். நிழல் பகுதியில் நாய்ஸ் இல்லாத விவரம் பதிவாகியிருந்தால், பிறகு அதைக் கீழே இறக்கும்போது இருட்டு சுத்தமாக வரும் என்பதுதான் கணக்கு. நம் சின்ன கேமராவில் அவ்வளவு ஏற்றினால் வானமும் வேட்டியும் வெளுத்துப்போகும். அவை வெளுக்காத அளவுக்கு எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு போதும். இரண்டாவது, வாசல் பல்பையும் வீட்டுக்குள் இருக்கும் விளக்கையும் போட்டுவிட்டே எடுங்கள். பகலில் அது மங்கலாகத்தான் தெரியும். ஆனால் எரிகிற பல்பு ஃப்ரேமில் இருப்பது பிறகு பெரிய உதவி.

முதல் படி: வெளிச்சத்தை இறக்குவது

Color பக்கத்துக்குப் போய், Scopes-இல் Waveform என்ற வெளிச்ச வரைபடத்தைத் திறந்துவையுங்கள். அளவு 0 முதல் 1023 வரை இருக்கும். மானிட்டரை மட்டும் நம்பி இருட்டாக்கினால், அறை வெளிச்சத்தைப் பொறுத்துக் கண் ஏமாற்றும். Resolve-இல் ஒவ்வொரு மாற்றத்தையும் நோடு என்ற தனித்தனிக் கட்டத்தில் செய்வோம். கேமராவின் Log அமைப்பில் வெளிறிய நிறத்தில் எடுத்திருந்தால் முதல் நோடில் அதைச் சாதாரண நிறத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் நோடை காலியாகவே விடுங்கள். இந்த 01-ஆம் நோடு பின்னால் ஒரு முக்கியமான வேலைக்குத் தேவைப்படும்.

Alt+S அழுத்தி 02-ஆம் நோடைச் சேர்த்து, அதில் Gain-ஐ 1.00-லிருந்து 0.45 அளவுக்கு இறக்குங்கள். நம் காட்சியில் 850-இல் இருந்த வானம் 380 பக்கம் வரும். 600-இல் இருந்த வேட்டி 270-க்கு வரும். Gamma-வையும் லேசாக, -0.05 அளவு இறக்கலாம்.

இதை Offset வைத்துச் செய்யாதீர்கள். Offset மொத்தப் படத்தையும் அப்படியே கீழே தள்ளும். ஓட்டுக்கடியில் இருக்கும் நிழல், சைக்கிள் டயர், ஆளின் தலைமுடி எல்லாம் பூஜ்ஜியத்தில் போய் ஒட்டி ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். Gain பெருக்கல் மாதிரி வேலை செய்வதால் மேலே உள்ளது அதிகமாக இறங்கும், அடியில் உள்ளது கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். வேலை முடிந்ததும் மிக இருண்ட இடம் 20-லிருந்து 40-க்குள் நிற்க வேண்டும். இரவில்கூடக் கண்ணுக்கு இருட்டுக்குள் ஏதோ இருப்பது தெரியும்.

இந்தப் படியில் ஒரு பிரச்சினை வரலாம். எடுக்கும்போதே வெளுத்துப்போன பகுதி, அதாவது Waveform-இல் உச்சியில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது, இப்போது 460-இல் தட்டையான சாம்பல் நிறமாக இறங்கியிருக்கும். சைக்கிள் ஹேண்டில்பாரில் சின்னதாக ஒரு மினுக்கு என்றால் கவலையில்லை, நிலா வெளிச்சத்திலும் உலோகம் மினுங்கும். Curves-இல் உச்சிப் புள்ளியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் அது மினுக்காகவே நின்றுவிடும். வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் திட்டு வந்தால் அந்த டேக்கை விட்டுவிட்டு வேறு டேக் பார்ப்பது நல்லது. அங்கே மீட்டெடுக்க விவரம் எதுவும் பதிவாகவில்லை.

இரண்டாவது படி: நிறம்

பலரும் நேராக நீலத்துக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் நிறத்தைக் குறைக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. அப்போது வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அவை நீலப்பச்சைப் பக்கம் கூர்மையாகவும் சிவப்புக்குக் கிட்டத்தட்டக் குருடாகவும் இருக்கும். பகலில் பளிச்சென்று தெரிந்த சிவப்புச் சேலை, நிலா வெளிச்சத்தில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். இத்தனைக்கும் நிலா வெளிச்சம் என்பது நிலாவில் பட்டுத் திரும்பும் வெயில்தான்; அதில் தனியாக நீலம் கிடையாது, சொல்லப்போனால் வெயிலைவிட லேசாக மஞ்சள் பக்கம்தான் சாயும். நீலம் நம் கண்ணிலும் சினிமாப் பழக்கத்திலும் இருக்கிறது.

ஆகவே 03-ஆம் நோடில் முதலில் Saturation-ஐ 50-லிருந்து 25 அளவுக்குக் குறையுங்கள். அடுத்து Hue vs Lum வளைவில் சிவப்பையும் பச்சையையும் தொட்டு, இரண்டையும் கீழே இறக்குங்கள். நம் காட்சியில் இது நேராகத் தெரியும். மரக்கிளையில் வெயில் ஊடுருவிப் பளிச்சென்று இருந்த இளம்பச்சை இலைகள் அடங்கி, மற்ற கிளையோடு ஒன்றாகிவிடும். இரவாக்கிய காட்சிகளில் பகலை அதிகமாகக் காட்டிக்கொடுப்பது இந்த இலைகள்தான். ஓட்டின் செம்மண் நிறமும் அதே அசைவில் இருண்டுவிடும்.

இப்போது நீலம். Gain சக்கரத்தை நீலத்துக்கும் சயானுக்கும் நடுவில் கொஞ்சமாக நகர்த்துங்கள். Scopes-ஐ Parade-க்கு மாற்றிப் பார்த்தால், வெள்ளை வேட்டி இருக்கும் இடத்தில் நீலம் மேலே, பச்சை அதற்குச் சற்றுக் கீழே, சிவப்பு இன்னும் கீழே என்று படிக்கட்டு மாதிரி வர வேண்டும். பச்சை சிவப்புக்குக் கீழே போனால் படம் ஊதாவாகிவிடும். முகத்தில் அது அசிங்கமாகத் தெரியும். Lift சக்கரத்தைத் தொடாதீர்கள். அடி இருட்டில் நீலம் ஏறினால் கறுப்பு கறுப்பாக இல்லாமல், படத்தின் மேல் நீலப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவு நீலம் என்பதற்கு என் கருத்து: போதும் என்று தோன்றிய பிறகு, அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். ஒரே காட்சியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் நீலத்துக்குப் பழகி இன்னும் இன்னும் கேட்கும். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் உண்மை தெரியும்.

மூன்றாவது படி: வானமும் தூரமும்

இப்போதும் ஃப்ரேமில் மிக வெளிச்சமான பொருள் வானம்தான். அதை 100 பக்கம் இறக்க வேண்டும். 04-ஆம் நோடில் ஒரு Gradient விண்டோவை மேலிருந்து கீழாக வைத்து, விளிம்பை நன்றாக மென்மையாக்கி, Gain-ஐ இறக்குங்கள். ஓட்டுக் கூரையும் கிளையும் சேர்ந்து இருளும். அது நல்லதுதான், நிலா இரவில் கூரையின் விளிம்பு வானத்தின் முன்னால் கறுப்பாகத்தான் தெரியும்.

கிளைக்கு நடுவில் துண்டு துண்டாகத் தெரியும் வானம் மட்டும் அடங்காமல் மினுங்கிக்கொண்டிருக்கும். அதற்கு 05-ஆம் நோடில் Qualifier எடுத்து, Hue, Saturation இரண்டையும் அணைத்துவிட்டு, Luminance வைத்து அந்தத் துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். Shift+H அழுத்தினால் எது எது பிடிபட்டிருக்கிறது என்று தெரியும். வேட்டியும் சேர்ந்து பிடிபட்டால், அதே நோடில் கிளையைச் சுற்றி ஒரு விண்டோ போட்டு எல்லை கட்டுங்கள். Blur Radius-ஐக் கொஞ்சம் ஏற்றி, பிறகு Gain-ஐ இறக்குங்கள். அதிகமாக இறக்கினால் இலை விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். அப்படி ஓடினால் பாதி இறக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்கு ஃப்ரேமை நெருக்கிவிடுவது மேல். 4K-யில் எடுத்து 1080-இல் வெளியிடுகிறீர்கள் என்றால் தரம் குறையாமலே நெருக்க நிறைய இடம் இருக்கிறது. வானம் இல்லாத இரவுக் காட்சிதான் எப்போதும் நம்பும்படி இருக்கும்.

அடுத்து தூரம். ஃப்ரேமின் இடப்பக்கம் தெரு நீண்டு போகிறது. பகல் என்பதால் அதன் கோடிவரை எல்லாம் தெரிகிறது. 06-ஆம் நோடில் இடமிருந்து வலமாக இன்னொரு Gradient வைத்து, தெருவின் கோடியை 60-க்குக் கீழே கொண்டுபோங்கள். வாசலை நெருங்க நெருங்க இருட்டு விலக வேண்டும். வழக்கமாகப் போடும் வட்டமான விக்னெட் இங்கே வேண்டாம். நடுவில் வெளிச்சம், நாலு மூலையிலும் இருட்டு என்பது லென்ஸின் குணம். நம் காட்சியில் வெளிச்சம் இருக்கப்போவது வலப்பக்க வாசலில்.

நான்காவது படி: விளக்கேற்றுவது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

விளக்குப் பக்கத்தில் நிறங்கள் திரும்பி வரும். கதவின் பச்சை, சட்டையின் காவி, தோலின் நிறம் எல்லாம் பல்பு வெளிச்சத்துக்குள் வந்ததும் உயிர் பெறும். இருட்டாக்கி, நிறம் குறைத்து, நீலம் ஏற்றிய படத்தின் மேல் மஞ்சள் பூசினால் அந்த நிறங்கள் வராது. சுவரும் கதவும் முகமும் ஒரே மஞ்சள் சாயத்தில்தான் இருக்கும். அதனால் வெளிச்சத்துக்கான படத்தை மாற்றம் எதுவும் செய்யாத 01-ஆம் நோடிலிருந்து எடுக்க வேண்டும்.

செய்முறை இது. வரிசையின் கடைசி நோடைத் தேர்ந்தெடுத்து Alt+L அழுத்துங்கள். கீழே ஒரு புதிய நோடும், இரண்டையும் சேர்க்கும் Layer Mixer-ம் வரும். புதிய நோடுக்குள் வரும் கோட்டை எடுத்துவிட்டு, 01-இன் வெளியீட்டிலிருந்து நேராக ஒரு கோட்டை அதற்குள் இழுங்கள். திரையில் பழையபடி பகல் தெரியும், பயப்பட வேண்டாம். இப்போது அந்த நோடில் கதவையும் அதை ஒட்டிய சுவரையும் திண்ணையையும் சேர்த்து ஒரு விண்டோ வரைந்தால், அதற்குள் மட்டும் பகலின் நிறம், வெளியே இரவு. உள்ளே Gain-ஐ 0.6 அளவுக்கு இறக்கி, Temp-ஐ மஞ்சள் பக்கம் நகர்த்தி, விண்டோவின் மென்மையைத் தாராளமாக ஏற்றுங்கள். இன்னும் கூடுதலாகத் தெரிந்தால் Key பகுதியில் Output Gain-ஐக் குறைத்தால் அடங்கும்.

விண்டோவின் வடிவம் முக்கியம். கதவுக்கு மேல் பல்பு என்றால் வெளிச்சம் மேலே குறுகி, கீழே விரிந்து விழும். திண்ணையின் மேல்தளத்தில் வெளிச்சம் படும், அதன் பக்கச் சுவரில் கம்மியாகப் படும், திண்ணைக்கு அடியில் இருட்டு. ஒரே பெரிய வட்டத்தை வைத்தால் இந்த வித்தியாசம் எல்லாம் போய்விடும். அதனால் Curve விண்டோவை எடுத்துக் கையால் வரையுங்கள். திண்ணையின் விளிம்பில் கோடு கூர்மையாகவும் சுவர்ப் பக்கம் மென்மையாகவும் இருக்கட்டும்.

அடுத்து, பல்புக்கே ஒரு சின்ன வட்டம். இதுதான் ஃப்ரேமிலேயே வெளிச்சமான புள்ளி. 900 வரை போகலாம். சுவரில் விழும் வெளிச்சம் 350-லிருந்து 450-க்குள் இருந்தால் போதும். இந்த இடைவெளிதான் பார்ப்பவருக்கு இது எரிகிற விளக்கு, அது அதன் வெளிச்சம் என்று உணர்த்தும். பல்பைச் சுற்றி இன்னொரு பெரிய, மிக மென்மையான வட்டத்தில் Lift-ஐ லேசாக ஏற்றி மஞ்சள் சேர்த்தால் லென்ஸில் பரவும் ஒளி மாதிரி கிடைக்கும். ஜன்னலுக்கும் இதே மாதிரி: கம்பிகளுக்கு நடுவில் தெரியும் உள்பகுதியை மட்டும் எடுத்து, வாசலைவிடக் கொஞ்சம் மங்கலாக விடுங்கள். கம்பிகள் கறுப்பாக நிற்க வேண்டும்.

இப்போது ஆள் நடந்து வருகிறார். அவரோடு நகரும்படி விண்டோவை ட்ராக் செய்து முகத்தை வெளிச்சமாக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள், டார்ச் ஒன்று அவர் கூடவே வருகிற மாதிரி இருக்கும். கேமரா அசையாததால் நம் வெளிச்ச விண்டோ வாசலிலேயே நிற்கிறது. அவர் இருட்டிலிருந்து வந்து அதற்குள் நுழையும்போது தானாகவே வெளிச்சமாகிறார், வேட்டி மஞ்சளாகிறது, சட்டைக்கு நிறம் வருகிறது. விளக்கு அப்படித்தான் வேலை செய்யும். ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை: அவர் திண்ணைக்கு இப்பால் நின்று ஸ்டாண்டு போடும்போது அவர் முதுகும் சைக்கிளும் சுவரின் வெளிச்சத்துக்குள் வந்து, கேமராவைப் பார்த்த பக்கமும் மஞ்சளாகத் தெரியும். பல்பு அவருக்கு முன்னால் இருப்பதால் அந்தப் பக்கம் இருண்டிருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் அவர் உருவத்தைச் சுற்றி ஒரு விண்டோ வரைந்து, ட்ராக் செய்து, அதைக் கழிக்கும் விண்டோவாக மாற்றி, வெளிச்சத்திலிருந்து வெட்டிவிடுங்கள். சுவரின் முன்னால் அவர் கறுப்பு உருவமாக நிற்பார். ஆழம் தெரிவது இங்கேதான்.

காட்டிக்கொடுப்பவை

எல்லாம் முடிந்ததும் ஒலியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். பின்னணியில் காக்கை கரைந்தால் போட்ட உழைப்பெல்லாம் வீண். லொகேஷன் ஒலியை எடுத்துவிட்டு இரவுச் சத்தம் சேருங்கள். ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருகிறாரா என்றும் பாருங்கள். வெயிலில் நடிப்பவர்கள் தங்களை அறியாமல் செய்வது அது. தரையில் விழும் நிழல் நம் காட்சியில் கேமராவை நோக்கி வருகிறது, நிலா பின்னால் என்பதோடு அது பொருந்துகிறது; ஆனால் நிழலின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தால் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கி அடக்குங்கள்.

ஃபோனில் எடிட் செய்பவர்கள் இதே வரிசையைப் பின்பற்றலாம். அதே கிளிப்பை இரண்டு அடுக்காக வையுங்கள்: கீழே இரவாக்கியது, மேலே மாற்றாத பகல். மேல் அடுக்குக்கு மாஸ்க் போட்டு விளிம்பை மென்மையாக்கினால் வாசல் வெளிச்சம் கிடைத்துவிடும். கிளைக்கு நடுவில் தெரியும் வானத்தை மட்டும் அங்கே சரிசெய்வது கடினம்.

எக்ஸ்போர்ட் செய்த பிறகு யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றி, அங்கிருந்து பாருங்கள். இருண்ட வானமும் தெருக்கோடியின் மென்மையான இறக்கமும் சுருக்கத்தில் பட்டை பட்டையாக உடையும். கம்ப்யூட்டரில் எடிட் செய்யும்போது அது பெரும்பாலும் தெரியாது. பட்டை விழுந்தால் கடைசியில் மெல்லிய கிரெயின் சேர்க்க வேண்டும். Resolve-இன் Film Grain இலவசப் பதிப்பில் வராது. அதனால் கிரெயின் வீடியோ ஒன்றை மேல் ட்ராக்கில் வைத்து, Composite Mode-ஐ Overlay-க்கு மாற்றி, Opacity-ஐ 10 பக்கம் வையுங்கள். அப்புறம் ஃபோன் வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கி ஒருமுறை பாருங்கள். ஆள் தெருவில் வரும்போது அவர் உருவமே பிடிபடவில்லை என்றால் 02-ஆம் நோடின் Gain-ஐ 0.50-க்கு ஏற்றுங்கள். விளக்கு நோடுகள் 01-இலிருந்து நேராக வருவதால் வாசல் வெளிச்சம் மாறாது. அதை மறுபடி தொட வேண்டியதில்லை.